மேல்நோக்கி ஏறும் யீல்டு கர்வ்: வட்டி ஏறப்போகிறதா, காத்திருப்பதற்குக் கூலியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"யீல்டு கர்வ்னா என்ன? மேல ஏறுதுன்னு சொல்றது எதை?"

அரசாங்கம் மூன்று மாதத்துக்கும் கடன் வாங்குகிறது, முப்பது ஆண்டுக்கும் வாங்குகிறது. ஒவ்வொரு காலத்துக்கும் சந்தை இன்று கேட்கும் வட்டியை, அதாவது யீல்டை, வரிசையாகப் புள்ளி வைத்து இணைத்தால் வருவதுதான் யீல்டு கர்வ். மலேசியாவில் ஓராண்டு வரைக்கும் டிரஷரி பில் இருக்கிறது. அதற்கு மேல் எம்.ஜி.எஸ் எனப்படும் மலேசிய அரசாங்கப் பத்திரங்கள் 3, 5, 7, 10, 15, 20, 30 ஆண்டுக் காலங்களில் வெளியிடப்படுகின்றன. நீண்ட காலத்துக்கு அதிக வட்டி இருந்தால் கோடு வலப்பக்கம் போகப் போக ஏறும்.

எல்லாப் புள்ளிகளும் ஒரே கடனாளியுடையவை. அதனால் பணம் திரும்ப வருமா என்ற பயத்தால் இந்த வட்டி வித்தியாசம் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மிஞ்சுவது காலம் ஒன்றுதான். அந்தக் காலத்துக்கு ஏன் கூடுதல் வட்டி என்பதில்தான் எதிர்பார்ப்புக் கோட்பாடும் நீர்மை விருப்பக் கோட்பாடும் பிரிகின்றன. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நிதித் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் சேமிப்பைப் பாண்டு ஃபண்டில் போட்டிருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளே கீழே இருக்கின்றன.

"கோடு ஏறினா வட்டி ஏறப்போகுதுன்னுதானே அர்த்தம்? செய்தியில அப்படித்தான் சொல்றாங்க."

அது மட்டும் அர்த்தமில்லை. ஏறும் கோட்டுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். குறுகிய கால வட்டி வரும் ஆண்டுகளில் உயரும் என்று சந்தை நினைப்பது ஒன்று. இது எதிர்பார்ப்புக் கோட்பாடு. வட்டி அப்படியே இருக்கும் என்று நினைத்தாலும், பணத்தை நீண்ட காலம் முடக்குகிறவர் அதற்கென்று கூடுதலாகக் கேட்பது இன்னொன்று. இது நீர்மை விருப்பக் கோட்பாடு; நீர்மை என்பது வேண்டும்போது பணத்தைக் கையில் எடுக்க முடிவது.

கோட்டைப் பார்த்தால் இரண்டின் கூட்டுத்தொகைதான் தெரியும். எது எவ்வளவு என்று கோட்டில் எழுதியிருக்காது. "சந்தை வட்டி உயர்வை எதிர்பார்க்கிறது" என்று ஒருவர் கர்வை மட்டும் காட்டிச் சொன்னால், அவர் இரண்டாவது பகுதியைப் பூஜ்ஜியம் என்று சொல்லாமலே வைத்துக்கொண்டார் என்று பொருள்.

"எதிர்பார்ப்புக் கோட்பாட்டைக் கணக்கு போட்டுக் காட்டுங்க, வாயால சொன்னா புரியல."

கணக்குக்காக எளிய எண்களை எடுப்போம். ஓராண்டு வட்டி 3.00%. ஈராண்டு வட்டி, ஆண்டுக்கு 3.20%. இடையில் கூப்பன் எனும் தவணை வட்டி இல்லை, முடிவில் மொத்தமாகக் கிடைக்கும். கையில் 100,000 ரிங்கிட்.

ஈராண்டுப் பத்திரத்தில் போட்டால் முடிவில் 106,502.40 ரிங்கிட். ஓராண்டில் போட்டால் முதலாண்டு முடிவில் 103,000. அதை மறுபடி ஓராண்டுக்குப் போட வேண்டும். இரண்டு வழியும் ஒரே தொகையில் முடிய, இரண்டாம் ஆண்டு வட்டி எவ்வளவு இருக்க வேண்டும்?

```
(1.032)^2 / 1.03 - 1 = 0.0340
```

3.40%. இதற்குப் பெயர் ஃபார்வர்டு வட்டி. எதிர்பார்ப்புக் கோட்பாடு சொல்வது இதுதான்: அடுத்த ஆண்டு ஓராண்டு வட்டி 3.40% ஆக இருக்கும் என்று சந்தை நினைக்கிறது. அதைவிடக் கூட நினைத்திருந்தால் எல்லாரும் குறுகிய பத்திரத்தில் இருந்துகொண்டு அடுத்த ஆண்டுக்குக் காத்திருப்பார்கள். குறைவாக நினைத்திருந்தால் ஈராண்டுப் பத்திரத்தை அள்ளியிருப்பார்கள். இரண்டும் நடக்காமல் விலை நிற்கிறது என்றால், 3.40 என்பதே பொதுக் கணிப்பு. நீண்ட வட்டி என்பது வரப்போகும் குறுகிய வட்டிகளின் சராசரி, அவ்வளவுதான்.

"அதே 3.40-ஐ நீர்மை விருப்பக் கோட்பாடு எப்படிப் படிக்கும்?"

ஈராண்டுப் பத்திரம் வாங்கியவருக்கு ஓராண்டு கழித்துப் பணம் தேவைப்பட்டால் என்ன ஆகும் என்று அது கேட்கிறது. அவர் விற்க வேண்டும். விற்கும் விலை, அன்றைக்கு ஓராண்டு வட்டி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. வட்டி 3.00%-லேயே நின்றால் 106,502.40-ஐ 1.03-ஆல் வகுத்து 103,400 கிடைக்கும், வருமானம் 3.40%. வட்டி 3.40% ஆகியிருந்தால் 103,000, வருமானம் 3.00%. வட்டி 4.00% ஆகியிருந்தால் 102,406 மட்டுமே, வருமானம் 2.41%. ஓராண்டுப் பத்திரம் வாங்கியவருக்கோ எது நடந்தாலும் 3.00% உறுதி.

சராசரியில் இரண்டும் சமம் என்றால் இந்த ஆட்டத்தை யாரும் ஏற்க மாட்டார்கள். ஏற்க வைக்க ஏதாவது கூடுதலாகத் தர வேண்டும். அதுதான் பிரீமியம். சந்தையின் உண்மையான கணிப்பு 3.25% ஆக இருந்து, மேலே இருக்கும் 0.15% பிரீமியமாக இருக்கலாம். கணிப்பு வெறும் 3.00% ஆக இருந்து, 0.40% முழுவதும் பிரீமியமாகவும் இருக்கலாம். கோடு இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி ஏறும்.

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 0.40% என்பது ஃபார்வர்டு வட்டியில் இருக்கும் பிரீமியம். ஈராண்டு யீல்டில் அது இரண்டு ஆண்டுக்கும் பரவி 0.20% ஆகத் தெரியும். எந்த எண்ணிலிருந்து பிரீமியத்தைச் சொல்கிறோம் என்று குறிப்பிடாவிட்டால் கணக்கு இரு மடங்கு பிசகும்.

"ஃபிக்சட் டெபாசிட்லயும் நீண்ட காலத்துக்குக் கூட வட்டி தர்றாங்களே, அதுவும் இதேதானா?"

ஓரளவுக்குத்தான். டெபாசிட்டை முன்கூட்டியே உடைத்தால் வட்டி போகும், முதல் போகாது. பாண்டை விற்றால் முதலிலேயே நட்டம் வரலாம். மேலே சொன்ன விலை ஆபத்து டெபாசிட்டில் அந்த வடிவத்தில் இல்லை. அதுபோக, ஒரு வங்கிக்கு அந்த மாதம் பணம் தேவைப்பட்டால் குறிப்பிட்ட ஒரு காலத்துக்கு மட்டும் சலுகை வட்டி போடும். டெபாசிட் பலகையை வைத்து சந்தையின் கணிப்பைப் படிக்க வேண்டாம். அரசாங்கப் பத்திரத்தையே பாருங்கள்.

"சுத்தி வளைக்காம சொல்லுங்க, ரெண்டுல எது சரி?"

எதிர்பார்ப்பு மட்டுமே காரணம் என்ற கடும் வடிவம் நிற்காது. இதற்கு நம் நாட்டு வட்டி வரலாறே போதும்.

பேங்க் நெகாராவின் ஓ.பி.ஆர், அதாவது ஒருநாள் கொள்கை வட்டி, 2004 ஏப்ரலில் 2.70%-இல் அறிமுகமானது. 2006 ஏப்ரலில் 3.50%-ஐத் தொட்டது. 2009 பிப்ரவரியில் 2.00%. பிறகு மெல்ல 3.25% வரை ஏறியது. 2020 ஜூலையில் 1.75%, 2023 மே மாதம் 3.00%, 2025 ஜூலையில் 2.75%. இருபத்தோரு ஆண்டு ஏறி இறங்கி, தொடங்கிய இடத்திலிருந்து 0.05% தள்ளி வந்து நின்றது.

அந்தக் காலத்தில் பெரும்பாலும் எம்.ஜி.எஸ் கர்வ் மேல்நோக்கியே இருந்தது. ஏறும் கோட்டுக்கு எதிர்பார்ப்பு மட்டுமே காரணம் என்றால், சந்தை ஏறக்குறைய எப்போதும் வட்டி உயர்வையே எதிர்பார்த்திருக்க வேண்டும். வட்டியோ மொத்தத்தில் உயரவே இல்லை. இருபது ஆண்டு ஒரே திசையில் தவறிக்கொண்டே இருக்கும் சந்தையை நம்புவது கடினம். சரிவில் ஒரு நிலையான பகுதி பிரீமியம் என்று எடுத்துக்கொண்டால் இந்த முரண் மறைந்துவிடும்.

ஆனால் பிரீமியம் மட்டும் போதாது. கோடு சில நேரம் செங்குத்தாகவும் சில நேரம் கிட்டத்தட்டப் படுத்தும் கிடக்கிறது. அந்த அசைவில் எதிர்பார்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு. அதனால்தான் இன்றைக்கு இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறார்கள்: ஃபார்வர்டு வட்டி என்பது கணிப்பும் பிரீமியமும் கூட்டியது. சர்ச்சை எல்லாம் எவ்வளவு என்பதில்தான்.

"2020-க்கு அப்புறம் வட்டி ஏறித்தானே போச்சு? அப்போ எதிர்பார்ப்புக் கோட்பாடு ஜெயிச்சுதானே?"

கணக்குப் போட்டுப் பார்க்கலாம், இது நல்ல எடுத்துக்காட்டு. 2020 ஜூலையில் ஓ.பி.ஆர் 1.75%-க்கு வந்தது. 2022 மே வரை, ஏறத்தாழ 22 மாதம், அங்கேயே நின்றது. பிறகு 2022 மே மாதம் 2.00%, ஜூலையில் 2.25%, செப்டம்பரில் 2.50%, நவம்பரில் 2.75%, 2023 மே மாதம் 3.00%. மாதங்களைப் பெருக்கிக் கூட்டி வகுத்தால், 2020 ஜூலை முதல் 2023 ஜூலை வரை மூன்று ஆண்டுச் சராசரி 2.07%. அடுத்த இரண்டு ஆண்டும் 3.00%-லேயே போனதால், 2025 ஜூலை வரை ஐந்தாண்டுச் சராசரி 2.44%.

அதாவது, 2020 ஜூலையில் வருங்காலம் முழுவதும் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால், பிரீமியம் எதுவும் கேட்காமலே ஐந்தாண்டுக்கு ஓ.பி.ஆரை விட 0.69% கூடுதல் வட்டியை நியாயம் என்று ஒப்புக்கொண்டிருப்பார். சரிவின் ஒரு பகுதியை எதிர்பார்ப்பால் விளக்க இந்தக் காலம் இடம் கொடுக்கிறது.

ஆனால் நடந்தது வேறு, அன்று எதிர்பார்த்தது வேறு. 2020 ஜூலையில் வட்டி இன்னும் குறையுமா என்ற கேள்வியே எழுந்துகொண்டிருந்தது. வட்டி பின்னால் உயர்ந்ததை வைத்து, அன்றைய கர்வ் அதை முன்பே சொன்னது என்று முடிவு கட்ட முடியாது. ஒரு சுற்றை மட்டும் எடுத்தால் எந்தக் கோட்பாட்டையும் ஜெயிக்க வைக்கலாம். ஏற்றமும் இறக்கமும் முழுதாக உள்ள காலத்தை எடுத்துக்கொண்டால்தான் சோதனை நேர்மையாக இருக்கும். போன கேள்வியில் 2004 முதல் எடுத்தது அதற்காகத்தான்.

"சரி, இன்னைக்கு இருக்குற கர்வை எடுத்து ரெண்டையும் பிரிக்கணும். எங்கிருந்து ஆரம்பிக்கிறது?"

முதலில் யீல்டுகளிலிருந்து ஃபார்வர்டு வட்டிகளை எடுங்கள். பெரிய பிசகில்லாத குறுக்குவழி ஒன்று உண்டு: பத்தாண்டு யீல்டைப் பத்தால் பெருக்கி, ஒன்பதாண்டு யீல்டை ஒன்பதால் பெருக்கிக் கழித்தால் பத்தாம் ஆண்டுக்கான ஃபார்வர்டு வட்டி கிடைத்துவிடும்.

அடுத்து, கிட்டத்து ஆண்டுகளையும் தொலைவான ஆண்டுகளையும் தனித்தனியாக நடத்துங்கள். முதல் ஓரிரு ஆண்டுகளுக்கு ஆட்களிடம் உண்மையான கணிப்பு இருக்கும். பேங்க் நெகாராவின் பணக் கொள்கைக் குழு ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது, வழக்கமாக 0.25% அளவில்தான் வட்டியை நகர்த்துகிறது. எனவே முதலில் போட்ட எண்ணை எடுத்து, 3.00-லிருந்து 3.40 என்பது ஒரு உயர்வும் கொஞ்சம் பிரீமியமுமா, ஒரு உயர்வு உறுதி, இரண்டாவதற்குப் பாதி வாய்ப்பு என்பதா என்று பொருளாதார ஆய்வாளர்களின் கணிப்போடு ஒப்பிடலாம். பெரும்பாலோர் ஒரு உயர்வு என்று சொன்னால் 0.25% கணிப்பு, மீதி 0.15% பிரீமியம் என்பது ஏற்கத்தக்க மதிப்பீடு.

தொலைவான ஆண்டுகளில் வழி வேறு. ஒன்பதாண்டு யீல்டு 3.55%, பத்தாண்டு 3.60% என்று வைத்துக்கொள்வோம். குறுக்குவழிப்படி 36.00 கழித்தல் 31.95, பத்தாம் ஆண்டு ஃபார்வர்டு வட்டி 4.05%. யீல்டில் வெறும் 0.05% வித்தியாசம்தான், ஃபார்வர்டில் அது எவ்வளவு பெரிதாகிறது பாருங்கள். 2004 முதல் ஓ.பி.ஆர் 3.50%-ஐத் தாண்டியதே இல்லை. பத்தாண்டு கழித்து வட்டி எங்கே இருக்கும் என்று எவருக்கும் தெரியாது; தெரியாதபோது நீண்டகாலச் சராசரியைத்தான் எவரும் சொல்வார்கள், அது 3%-ஐ ஒட்டித்தான் வரும். அப்படியானால் அந்த 4.05-இல் ஒரு விழுக்காடு வரை பிரீமியமாக இருக்கலாம். குறுகிய முனையில் எதிர்பார்ப்பு ஆள்கிறது, நீண்ட முனையில் பிரீமியம் ஆள்கிறது என்று சொல்வது இந்தக் கணக்கினால்தான்.

இந்தப் பிரிப்பில் கிடைப்பது மதிப்பீடு. பிரீமியத்தை எந்தத் திரையிலும் நேராகப் பார்க்க முடியாது, கணிப்பைக் கழித்த மிச்சமாகவே அது கிடைக்கும். எனவே கணிப்பில் இருக்கும் பிழை அப்படியே பிரீமியத்தில் வந்து சேரும்.

"பேங்க் நெகாரா பக்கத்துல இருக்குற எம்.ஜி.எஸ் யீல்டை அப்படியே போட்டேன், விடை கொஞ்சம் தள்ளி வருதே?"

காரணம் கூப்பன். எம்.ஜி.எஸ் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி கொடுக்கிறது. நாம் போட்ட கணக்கு, முடிவில் மட்டும் பணம் தரும் பத்திரத்துக்கானது. கூப்பன் பத்திரத்தின் யீல்டு என்பது பல தேதிகளில் வரும் பணத்தின் கலவை வட்டி.

ஆண்டுக்கொரு கூப்பன் என்று எளிமையாக்கிப் பார்ப்போம். ஈராண்டுப் பத்திரம் 3.20 கூப்பனோடு 100-க்கு விற்கிறது. முதல் கூப்பனை ஓராண்டு வட்டி 3.00%-படி இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 3.107. மிச்சம் 96.893. அது ஈராண்டில் 103.20 ஆக வேண்டும் என்றால் சுத்தமான ஈராண்டு வட்டி 3.203%, ஃபார்வர்டு 3.41%. முன்பு 3.40 வந்தது. இரண்டு ஆண்டில் வித்தியாசம் சொற்பம். பதினைந்து, இருபது ஆண்டில் இது கண்ணில் படும் அளவுக்குப் பெரிதாகும். அங்கே குறுகிய பத்திரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாகக் கூப்பனை உரித்துக்கொண்டு போகத்தான் வேண்டும்.

இன்னொரு பிசகும் வரும். அதிகம் கைமாறாத பழைய பத்திரத்தின் யீல்டையும் புதிதாக ஏலம் விட்ட பத்திரத்தின் யீல்டையும் ஒரே கோட்டில் கலந்தால், ஃபார்வர்டு வட்டி ஓராண்டு தூக்கியும் அடுத்த ஆண்டு தாழ்ந்தும் பல் பல்லாக வரும். அப்படி வந்தால் அது சந்தையின் கணிப்பு அல்ல, எடுத்த தரவின் கோளாறு.

"கோடு சமமா இருந்தா? தலைகீழா இருந்தா?"

எதிர்பார்ப்பு மட்டும் என்றால், சமமான கோடு "வட்டி மாறாது" என்று சொல்கிறது. பிரீமியம் உண்டு என்றால், சமமான கோடு "வட்டி கொஞ்சம் குறையும்" என்கிறது. குறையும் கணிப்பும் கூடும் பிரீமியமும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருக்கின்றன. லேசாக ஏறும் கோடு "மாறாது" என்பதற்கு அருகில் வரும். தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்.

தலைகீழ்க் கோட்டுக்குக் குறைவு எதிர்பார்ப்பு கட்டாயம் தேவை. எப்போதும் கூடுதலாகவே இருக்கும் பிரீமியம் கோட்டைத் தனியாகக் கீழே இறக்க முடியாது.

"நான் ரெண்டு வருஷமும் விக்காம வச்சிருக்கப்போறேன். எனக்கு எதுக்கு பிரீமியம் தரணும்?"

உங்களுக்கென்று தருவதில்லை, ஆனால் உங்களுக்கும் கிடைக்கும். நடுவில் விற்க வேண்டி வரலாம் என்று பயப்படுகிறவர்களையும் உள்ளே இழுத்தால்தான் பத்திரம் முழுவதும் விற்கும். விலை அவர்களால் தீர்மானிக்கப்படுகிறது. உங்களைப் போன்றவர் அந்த விலையில் வாங்கி, அந்தப் பயம் இல்லாமலே கூடுதலை எடுத்துக்கொள்கிறார். சொல்லப்போனால், ஈராண்டு கழித்துப் பணம் தேவைப்படுகிற உங்களுக்கு ஓராண்டுப் பத்திரம்தான் ஆபத்து. இரண்டாம் ஆண்டு என்ன வட்டி கிடைக்கும் என்று இன்று தெரியாது.

நீர்மை விருப்பக் கோட்பாட்டின் பலவீனமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கடன் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் குறுகிய காலத்தையே விரும்புவார்கள் என்று அது முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. உங்களைப் போன்றவர்கள் நிறைந்த சந்தையில் அந்த எடுகோள் ஆட்டம் காணும்.

"அப்போ இ.பி.எஃப் மாதிரி பெரிய ஆளுங்க நீண்ட பாண்டை வாங்கிக் குவிச்சா பிரீமியம் காணாமப் போயிடுமா?"

குறையும். ஊழியர் சேமநிதி வாரியத்துக்கும் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் பல பத்தாண்டு கழித்துக் கொடுக்க வேண்டிய பணம் இருக்கிறது. அவர்களுக்கு முப்பதாண்டுப் பத்திரம் சுமையல்ல, தேவை. அவர்கள் வாங்க வாங்க நீண்ட முனையில் யீல்டு அழுந்தும். 20 ஆண்டுக்கும் 30 ஆண்டுக்கும் இடையே கோடு தட்டையாவதற்கு இது ஒரு காரணம்.

ஒவ்வொரு முதலீட்டாளருக்கும் விருப்பமான காலம் ஒன்று உண்டு, அங்கிருந்து நகர்த்தத்தான் கூலி தேவை என்று 1966-இல் பொருளியலாளர்கள் மோடிலியானியும் சட்ச்சும் முன்வைத்த விளக்கம் இந்த இடத்துக்கு நீர்மை விருப்பத்தை விட நன்றாகப் பொருந்துகிறது. அதன்படி பிரீமியம் எந்தத் திசையிலும் இருக்கலாம். மலேசியக் கர்வில் பத்தாண்டு வரைக்கும் நீர்மை விருப்பம், அதற்கு அப்பால் விருப்பமான காலம் என்று வைத்துப் படிப்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

"கெயின்ஸ் சொன்னதும் இதே நீர்மை விருப்பம்தானா?"

இல்லை. பொருளியலாளர் கெயின்ஸ் 1936-இல் விளக்கியது, மக்கள் ஏன் பாண்டுக்குப் பதிலாக ரொக்கத்தை வைத்துக்கொள்கிறார்கள், அதனால் வட்டி எப்படித் தீர்மானமாகிறது என்பதை. ஒரு காலத்துக்கும் இன்னொரு காலத்துக்கும் உள்ள வட்டி இடைவெளிக்குப் பிரீமியத்தைக் கொண்டு வந்து பொருத்தியவர் ஹிக்ஸ், 1939-இல். யீல்டு கர்வ் கேள்விக்கு, ரொக்கம் வைத்திருக்கக் கெயின்ஸ் சொன்ன மூன்று நோக்கங்களை எழுதி வைத்தால் பக்கம் நிரம்பும், விடை வராது.

"பிரீமியம் நிஜம்னா, எப்பவும் நீண்ட பாண்டையே வாங்கிட்டா லாபம்தானே?"

சராசரியில் கூட வரும், வழியில் அடி விழும். 3.50% கூப்பனோடு 100-க்கு வாங்கிய பத்தாண்டுப் பத்திரத்தின் யீல்டு 4.00% ஆனால் விலை 95.91. ஆண்டு முழுவதும் வாங்கும் கூப்பன் 3.50, ஒரே நாளில் போவது 4.09. பாண்டு ஃபண்டில் போட்டவர்கள் 2022-இல் வட்டி உயர்ந்தபோது மதிப்பு இறங்கியதைப் பார்த்துத் திகைத்தது இதனால்தான். பிரீமியம் என்பது இந்த அடியைத் தாங்குவதற்கான கூலி.

அந்தக் கூலி நிலையாகவும் இருப்பதில்லை. எதிர்பார்ப்புக் கோட்பாடு சரியென்றால், கோடு வழக்கத்தை விடச் செங்குத்தாக இருக்கும்போது அதன்பின் நீண்ட யீல்டு உயர வேண்டும். அமெரிக்கத் தரவை வைத்து கேம்ப்பெலும் ஷில்லரும் 1991-இல் சோதித்தபோது, நீண்ட யீல்டு அதற்கு எதிராகக் குறையும் பக்கமே சாய்ந்திருந்தது. அதற்கு முன் 1987-இல் ஃபாமாவும் பிளிஸ்ஸும், ஃபார்வர்டு வட்டி உயர்ந்து நிற்கும்போது நீண்ட பத்திரம் வைத்திருப்பவருக்குக் கூடுதல் வருமானம் கிடைப்பதைக் காட்டியிருந்தார்கள். செங்குத்தான கோட்டில் பிரீமியமும் தடித்திருக்கிறது, தட்டையான கோட்டில் மெலிந்திருக்கிறது. எனவே நீண்ட பாண்டுக்குப் போவதென்றால், கூலி எவ்வளவு என்று முன்பு சொன்ன முறையில் கணக்குப் பார்த்துவிட்டே போக வேண்டும்.

"பாண்டே வாங்கல அக்கா, வீட்டுக் கடன்தான் இருக்கு. நிலையான வட்டிக்குப் போகலாமா, மிதக்கும் வட்டியிலயே இருக்கலாமா? இதுக்கும் கர்வுக்கும் சம்பந்தம் உண்டா?"

உண்டு. வங்கி ஐந்தாண்டுக்கு வட்டியை நிலைநிறுத்தித் தரும்போது, ஏறும் கர்வின் செலவை உங்கள் தலையில்தான் வைக்கிறது. 2022 ஆகஸ்ட் முதல் புதிய மிதக்கும் வட்டிக் கடன்கள் எஸ்.பி.ஆர் எனும் தரப்படுத்திய அடிப்படை வட்டியோடு இணைந்திருக்கின்றன. ஓ.பி.ஆர் நகர்ந்தால் அதுவும் அதே அளவு நகரும். ஆகவே கேள்வி எளிது: ஐந்தாண்டுச் சராசரி ஓ.பி.ஆர் இன்றைய அளவை விட எவ்வளவு கூடினால் நிலையான வட்டி லாபம்?

மிதக்கும் வட்டி இன்று 4.20%, நிலையானது 4.70% என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 0.50%-க்கு மேல் உயர வேண்டும். 2020 ஜூலையில் தொடங்கியவருக்கு, மேலே போட்ட கணக்குப்படி, சராசரி 0.69% உயர்ந்தது, அவர் ஜெயித்திருப்பார். 2023 ஜூலையில் தொடங்கியவருக்கு ஓ.பி.ஆர் இரண்டு ஆண்டு 3.00%-இல் நின்று பிறகு 2.75%-க்கு இறங்கியது, அந்த இரண்டு ஆண்டும் 0.50% வீதம் வீணாகவே கட்டியிருப்பார். 300,000 ரிங்கிட் பாக்கி இருந்தால் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 ரிங்கிட்.

அந்த 0.50%-இல் ஒரு பகுதி வட்டி உயர்வுக் கணிப்பு, மறு பகுதி பிரீமியம். கணிப்புப் பகுதி பலித்தால் திரும்பி வந்துவிடும். பிரீமியப் பகுதி, தவணை ஏறாது என்ற உறுதிக்காக நீங்கள் கட்டும் விலை. மாதத் தவணை 200 ரிங்கிட் ஏறினால் குடும்பச் செலவு இடிக்கும் என்கிறவருக்கு அதைக் கட்டுவது நியாயம். ஏறினாலும் சமாளிப்பேன் என்கிறவர் மிதக்கும் வட்டியிலேயே இருக்கலாம்.